வசனத்துக்குப் பதில் குறிப்புச் சீட்டு: நடிகர் அல்லாதவர்களைப் பேசவிட்டு எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசனம் நல்லாத்தான் எழுதியிருக்கேன். ஊர்க்காரங்க சொல்றப்போ மட்டும் ஏன் ஒப்பிக்கிற மாதிரி ஆயிடுது?

எழுதின வரியைச் சொல்பவரின் கவனம் முழுக்க அடுத்த வரியில் இருக்கும். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்காமல், அவர் எப்போது முடிப்பார் என்று காத்திருப்பார். பயிற்சி பெற்ற நடிகர் இதை மறைக்கக் கற்றிருப்பார். மற்றவர்களுக்குக் கண் காட்டிக்கொடுத்துவிடும். வரியை ஞாபகப்படுத்தும் அந்தக் கணத்தில் பார்வை மேலேயோ ஓரமாகவோ போய் வரும். கூடவே கையும் நின்றுபோகும். அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் வசனம் வந்ததும் உரிப்பதை நிறுத்திவிடுவார்.

நம் ஊர்ப் படப்பிடிப்பில் இன்னொரு பழக்கமும் உண்டு. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகப் ப்ராம்ப்ட் கொடுப்பார். டப்பிங்கை நம்பி எடுக்கும் படத்தில் பழகின நடிகருக்கு அது சரி. முதன்முறை கேமரா முன் நிற்கும் மளிகைக்கடைக்காரருக்குக் கொடுத்தால், அவர் காது ப்ராம்ப்ட் வரும் திசையிலேயே இருக்கும். முகத்தில் அது தெரியாமல் போகாது.

அப்போ எதுவுமே எழுத வேண்டாமா? கேமராவை ஓடவிட்டு "நீங்களே பேசுங்க"ன்னு சொல்லிடலாமா?

சொல்லிப் பாருங்கள். "வாங்க, சாப்டீங்களா, பசங்க எப்படி இருக்காங்க" என்று ஐந்து நிமிடம் ஓடும், அப்புறம் இருவரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். எதைப் பேசுவது என்று தெரியாதவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

எழுத்து வேலை குறைவதில்லை. என்ன பேச வேண்டும் என்று எழுதுவதற்குப் பதிலாக, பேசியே தீர வேண்டிய நிலைமையை எழுதுகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதைச் சொல்லக் கூடாது, காட்சி எங்கே முடிகிறது என்ற நான்கும் தெளிவாக இருந்தால் பேச்சு தானாக வரும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் பேச்சும் தளரும். வசனம் எழுதும்போது நல்ல வரி ஒன்று போட்டுப் பலவீனமான காட்சியை ஒப்பேற்றிவிடலாம். இங்கே அந்த வழி கிடையாது.

எழுதின ஒரு காட்சியை முழுசா மாத்திக் காட்ட முடியுமா?

ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சாயங்காலம், தெருமுனை மளிகைக்கடை. கடன் பாக்கி வைத்திருக்கும் ஒரு பெண் மறுபடி கடனுக்குச் சாமான் வாங்க வருகிறார். முதலில் எழுதிய வசனம் இது:

கடைக்காரர்: ஏற்கெனவே ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது ரூபா பாக்கி. மூணு மாசமா தரல. இனிமே கடன் கிடையாது.
பெண்: அண்ணே, இன்னிக்கு என் பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. இந்த ஒரு தடவை கொடுங்க.
கடைக்காரர்: எனக்கும் குடும்பம் இருக்குல்ல?

குறை சொல்ல முடியாத வசனம்தான். ஆனால் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை, பார்வையாளருக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று சீட்டு எழுதுகிறோம்.

பொதுச் சீட்டு, இருவருக்கும்: நீங்கள் இருவரும் பத்து வருடமாகப் பழக்கம். மூன்று மாதக் கணக்கு கடன் நோட்டில் ஏறி நிற்கிறது. இப்போது மணி ஐந்தரை.

பெண்ணுக்கு மட்டும்: ஒரு கிலோ சர்க்கரை, டீத்தூள், இரண்டு பிஸ்கட் பாக்கெட் வேண்டும். கையில் காசு இல்லை. ஆறு மணிக்கு வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், அதனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. வருவது மாப்பிள்ளை வீட்டார் என்று இவரிடம் சொல்லப் பிடிக்கவில்லை. போன முறை சொல்லி, அந்தச் சம்பந்தம் கூடி வராமல் போனபோது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வேறு வழியே இல்லை என்றால் மட்டும் சொல்லுங்கள்.

கடைக்காரருக்கு மட்டும்: இன்று மொத்த வியாபாரியின் ஆள் வசூலுக்கு வந்திருக்கிறார். உங்களுக்கு 500 ரூபாய் குறைகிறது. இந்தப் பெண்ணிடம் அதை வாங்காமல் எதையும் கொடுக்க விருப்பமில்லை. மத்தியானம்தான் இவர் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தீர்கள், கடன் நோட்டில் அந்தப் பக்கத்தை இவர் பார்த்துவிடக் கூடாது. கடைசியில் கொடுத்துவிடுவீர்கள், ஆனால் கேட்டதில் ஒன்றைக் குறைத்துத்தான் கொடுப்பீர்கள். எதைக் குறைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

முடிவு: அந்தப் பெண் கடைப் படியை விட்டு இறங்கினால் காட்சி முடிந்தது.

ஒரு சீட்டில்கூடக் கோபம், அழுகை, தயக்கம் என்ற சொற்கள் கிடையாது. "கோபமாப் பேசுங்க" என்றால் நடிக்காதவர்கள் தாங்கள் பார்த்த சீரியலில் வரும் கோபத்தைக் கொண்டுவருவார்கள். 500 ரூபாய் குறைகிறது, வசூல்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவர்களுடைய சொந்தக் கோபம் எந்த அளவில் வருமோ அந்த அளவில் வரும். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும், அதனாலேயே நன்றாகவும் இருக்கும்.

சீட்டை அவங்க கையில கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். சீட்டு உங்களுக்கும் குழுவுக்கும்தான். கையில் காகிதத்தைக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்வார்கள், உங்கள் வாக்கியங்கள் அப்படியே அவர்கள் வாயில் வரும். தனியாகக் கூப்பிட்டு, டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை சொல்வது போலச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "அப்போ நீங்க எதுக்குக் கடைக்கு வந்திருக்கீங்க?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் அவர்கள் சொல்லில் வந்தால் போதும். உங்கள் சொல்லில் திரும்பி வந்தால் நிலைமை இன்னும் உள்ளே போகவில்லை.

பழைய வசனத்தைக் காட்டிவிட்டு "இதை உங்க பாணியில சொல்லுங்க" என்று கேட்பதுதான் இருப்பதிலேயே மோசம். பாதி ஞாபகம், பாதி சொந்தப் பேச்சு என்று இரண்டும் கெட்டான் ஆகிவிடும். ஒரு முறை படித்தவர் மனதிலிருந்து அந்த வரிகளை எடுக்க முடியாது. வசனம் எழுதி வைத்திருப்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒத்திகையிலும் கவனம் வேண்டும். கடையில் எங்கே நிற்பது, தராசு எங்கே, பொட்டலம் எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒத்திகை பாருங்கள். பேச்சை மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். பேசிப் பழக வேண்டுமென்றால் வேறொரு நாள், வேறொரு பாக்கி, வேறொரு சாமானை வைத்துப் பேசவிடுங்கள்.

சண்டை வர வேண்டிய இடத்துல உடனே சமாதானமாப் போயிடறாங்க. என்ன செய்யறது?

எல்லோருக்கும் நடப்பதுதான். நம் காட்சியிலேயே முதல் டேக்கில் கடைக்காரர் அரை நிமிடத்தில் "பரவால்லக்கா, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார். அவர் மேல் தப்பு இல்லை. சுற்றி ஊர் நிற்கிறது, கேமரா ஓடுகிறது, யாரும் தன்னைக் கருமியாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். "கொஞ்சம் கறாராப் பேசுங்க" என்றால் அடுத்த டேக்கில் நம்பியார் வந்துவிடுவார்.

நிலைமையைத்தான் இறுக்க வேண்டும். வசூலுக்கு வந்த ஆளைச் சீட்டில் மட்டும் வைக்காமல் நிஜமாகவே ஒருவரைக் கடை பெஞ்சில் உட்காரவையுங்கள். கையில் ரசீது புத்தகம் இருந்தால் போதும், அவர் பேச வேண்டியதில்லை. இப்போது கடைக்காரர் இளகிப்போக நினைத்தாலும் பார்வை பெஞ்சுக்குப் போகும். அந்தப் பார்வையை எந்த வசனத்தாலும் எழுத முடியாது.

இரண்டாவது சிக்கல் இதற்கு நேர் எதிரானது. சூடு பிடித்ததும் இருவரும் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவார்கள், "நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்" என்று காட்சி பட்டிமன்றமாகிவிடும். அதற்குத் தடைதான் மருந்து. கடைக்காரரிடம், "தொகையை வாயால் சொல்லக் கூடாது, நோட்டில் விரலை வைக்கலாம்" என்று சொல்லுங்கள். பெண்ணிடம், "பணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், சாமானை மட்டும் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். இருவருக்கும் கையில் வேலை கொடுங்கள். ஒருவர் நிறுக்கட்டும், இன்னொருவர் பையை மடிக்கட்டும்.

இப்படி எடுத்ததில் ஒரு டேக்கில் கடைக்காரர் சர்க்கரையைக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றிவிட்டு, பொட்டலத்தின் மேலேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டிட்டு எதுக்குக் கை வச்சிருக்கீங்க?" என்றார். பாக்கி, தயக்கம், பத்து வருடப் பழக்கம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. பணம் என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்ற தடை இல்லாவிட்டால் அவர் நேராகக் கணக்கைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

கதைக்குக் கட்டாயம் வேண்டிய தகவலை அவங்க சொல்லாம விட்டுட்டா?

முதலில் அது வாயால் சொல்லப்பட வேண்டிய தகவலா என்று பாருங்கள். 1,840 ரூபாய் என்பதைக் கடன் நோட்டின் குளோசப்பில் காட்டிவிடலாம், அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவது தெரியாவிட்டால் அடுத்த காட்சி புரியாது என்றால், அது பேச்சில் வந்தாக வேண்டும்.

அதற்கு வரியைக் கொடுக்காதீர்கள், கேள்வி கேட்கும் காரணத்தை எதிராளிக்குக் கொடுங்கள். கடைக்காரரிடம் தனியாக, "இவங்க வீட்ல இன்னிக்கு ஏதோ விசேஷம் போல, என்னன்னு தெரியாம விடாதீங்க" என்று சொன்னால் அவர் தோண்டித் துருவிக் கேட்பார். பெண் மறைப்பார். கடைசியில் சொல்ல வேண்டியதாகும். அந்த இழுபறியே காட்சியின் நடுப்பகுதி ஆகிவிடும்.

சொல்லுக்குச் சொல் மாறாமல் வர வேண்டிய வரி ஒன்று இருந்தால், அதை டேக்குக்குச் சற்று முன்னால் ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். முந்தின நாளே சொன்னால் இரவெல்லாம் அதையே உருப்போட்டு வருவார். ஒரு காட்சிக்கு அப்படி ஒரு வரிக்கு மேல் தாங்காது.

டேக் ஓடிட்டிருக்கும்போது பேச்சு திசை மாறிப்போனா குறுக்கே சொல்லலாமா?

கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் இருவரும் உங்களைப் பார்ப்பார்கள், ஒலியும் போச்சு. உள்ளிருந்தே திருப்புவதுதான் நல்லது. விஷயம் தெரிந்த ஒருவரைக் காட்சிக்குள் வையுங்கள். நம் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பையன் இருக்கலாம். பேச்சு தேங்கினால் அவன் "அண்ணே, டீத்தூள் சின்னதா பெருசா?" என்று கேட்டால் போதும், காட்சி பாதைக்கு வந்துவிடும்.

2008இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய, லோரான் கான்தே இயக்கிய பிரெஞ்சுப் படம் ஒன்று கிட்டத்தட்ட முழுக்க இந்த வழியில்தான் நகர்கிறது. பாரிஸ் பள்ளி ஒன்றின் வகுப்பறைதான் களம். நிஜ மாணவர்களோடு ஒரு கல்வியாண்டில் பயிற்சிப் பட்டறைகள் நடத்தி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாணவர்கள் கையில் திரைக்கதை கிடையாது. மூல நாவலை எழுதியவரும் முன்னாள் ஆசிரியருமான பிரான்சுவா பெகோதோதான் ஆசிரியராக நடித்தார். காட்சி எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பதால், பாடம் நடத்துவது போலவே பேச்சை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போக முடிந்தது. மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடியது. மூன்று கேமரா நமக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே ஒரு ஓட்டுநரை வைப்பதற்குச் செலவு கிடையாது.

டேக்குகளுக்கு நடுவில் பேசும்போது ஒருவரிடம் மட்டும் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. "அந்த இடம் பிரமாதம்" என்று பாராட்டவும் கூடாது. அடுத்த டேக்கில் அதையே திரும்பச் செய்ய முயல்வார்கள், அப்போது அது வசனமாகிவிடும்.

ஒரே கேமராதான் இருக்கு. ஒவ்வொரு டேக்கிலும் வேற வேற பேசினா எடிட்டிங்ல எப்படிச் சேர்க்கறது?

இரண்டாவது கேமராவுக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளக்குக்கும் கிரேனுக்கும் ஒதுக்கிய பணத்தை அதில் போட்டாலும் நஷ்டமில்லை. ஒன்று பேசுபவர் மேல், இன்னொன்று கேட்பவர் மேல் இருந்தால் அந்த டேக்கை அதற்குள்ளேயே வெட்டிக்கொள்ளலாம், கன்டினியூட்டி தலைவலி பெரும்பாலும் போய்விடும்.

ஒன்றுதான் என்றால், இருவரும் தெரியும்படி மிட் ஷாட்டில் 4கேயில் எடுங்கள். படம் ஃபுல் எச்டியில் வெளியாகும் என்றால் பாதி அகலத்துக்கு நெருங்கிப் போனாலும் தரம் குறையாது. ஒரே டேக்கிலிருந்து இரண்டு சைஸ் கிடைத்துவிடும். நல்ல டேக் அமைந்த பிறகு கேமராவை மாற்றிவைத்து, "அந்தப் பொட்டலம் கட்டுற இடத்தில இருந்து மறுபடி" என்று செயலைச் சொல்லித் தொடங்குங்கள். பேசினதை ஞாபகப்படுத்தச் சொல்லாதீர்கள். இந்த முறை உங்களுக்கு வேண்டியது கேட்கும் முகமும் கைகளும்தான். நோட்டு, தராசு, நூல்கண்டு, பெஞ்சில் காத்திருப்பவர் என்று பேச்சில்லாத ஷாட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், பல இடத்தில் அவைதான் காப்பாற்றும்.

ஃபுட்டேஜ் ஏறும். ஆறேழு நிமிட டேக்கில் ஒன்றரை நிமிடம் தேறினாலே நல்ல டேக். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி ஆகும், இரண்டு கேமரா என்றால் 90. கார்டை அதற்குத் தகுந்தபடி வாங்குங்கள். கிளாப்பைத் தொடக்கத்தில் அடிக்காமல் முடிவில் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். முகத்துக்கு நேராக 'டப்' என்று அடித்த பிறகு இயல்பாகப் பேசுங்கள் என்றால் யாருக்கு வரும்?

சவுண்டை டப்பிங்ல பார்த்துக்கலாம்னு கேமராமேன் சொல்றார். சரிதானா?

இந்த முறையில் நடக்காது. யோசிக்காமல் வாயில் வந்ததை, இருட்டு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே இழுப்போடு, அதே உதட்டசைவுக்குத் திரும்பச் சொல்வது நடிகருக்கே கஷ்டம். இவர்களிடம் கேட்டால் நீங்கள் தப்பித்து வந்த ஒப்பிப்பு கடைசியில் டப்பிங் அறையில் வந்து நிற்கும். வேறு ஆளை வைத்துக் குரல் கொடுப்பதென்றால் இவர்களைத் தேடிப்போனதற்கு அர்த்தமே இல்லை.

அதனால் சிங்க் சவுண்டுதான். ஆளுக்கொரு லேபல் மைக், தனித்தனி டிராக். இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவார்கள், டிராக் தனியாக இருந்தால்தான் ஒருவரைக் குறைத்து மற்றவரைக் கேட்க வைக்கலாம். கடையின் ஃப்ரிட்ஜையும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லுங்கள். கிளம்புமுன் யாரும் பேசாத அறைச் சத்தத்தை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் அது தேவைப்படும்.

ஒரு காட்சியில சும்மா சொன்ன விஷயம் இன்னொரு காட்சியோட முட்டுது. எப்படிச் சமாளிக்கறது?

உதவி இயக்குநர் ஒருவருக்கு இதுதான் வேலை என்று ஒதுக்கிவிடுங்கள். டேக்கில் சொல்லப்பட்ட பெயர், ஊர், உறவு, தொகை, நாள் அனைத்தையும் அவர் உடனே நோட்டில் ஏற்ற வேண்டும். அந்த அக்கா போகிற போக்கில் "பெரியவ திருப்பூர்ல இருக்கா" என்று சொல்லிவிட்டால், அந்த டேக்கை வைத்துக்கொள்ளும்வரை அவருக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டு. பிறகு எடுக்கும் காட்சியின் பொதுச் சீட்டில் அது ஏற வேண்டும். முடிந்தால் கதை வரிசையிலேயே எடுங்கள், முட்டல் பாதியாகக் குறையும்.

எந்த மாதிரிக் காட்சிக்கு இது ஒத்துவராது?

நேரம் தப்பாமல் விழ வேண்டிய நகைச்சுவை, சட்டம் மருத்துவம் போன்ற விவரம் நிறைந்த பேச்சு, பழங்கால மொழி ஆகியவற்றுக்கு எழுதித்தான் ஆக வேண்டும். தனியாள் நீளமாகப் பேசுவதும் கஷ்டம். எதிரில் தடுக்க ஆள் இல்லாவிட்டால் பேச்சு அலைந்துகொண்டே இருக்கும். கேமராவுக்குப் பின்னால் ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு, கேள்வியை வெட்டிவிடலாம்.

வட்டார வழக்கும் யோசிக்க வேண்டியது. ஆட்களை அவர்கள் பேச்சிலேயே விடுவதுதான் இந்த முறையின் பெரிய லாபம், ஆனால் வேறு வட்டாரத்தாருக்குச் சில இடம் புரியாமல் போகலாம். 1948இல் இத்தாலிய இயக்குநர் விஸ்கொன்தி சிசிலியின் ஆச்சி திரெட்சா மீனவர்களை வைத்து எடுத்த படத்தில், வசனம் அவர்களோடு சேர்ந்து அவர்கள் பேச்சிலேயே உருவானது. மற்ற இத்தாலியர்களுக்கே அது புரியாமல், பொது இத்தாலிய மொழியில் பின்னணிக் குரல் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காகப் பேச்சைத் திருத்தாதீர்கள். சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம்.

பேச்சு வேகத்துல சொந்தக் கதையோ பக்கத்து வீட்டுக்காரர் பேரோ வந்துட்டா?

வரும். சீட்டில் ஒருவரின் நிஜப் பிரச்சினையை வேண்டுமென்றே வைக்காதீர்கள். நிஜமாகவே கடனில் இருப்பவரிடம் கடன் காட்சியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, எவ்வளவு நன்றாக வந்தாலும். எடிட் முடிந்ததும் அவரை உட்காரவைத்து அவர் வரும் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். நிஜ ஆட்களின் பெயர், சாதிப் பெயர், அரசியல் கட்சி வரும் இடங்களை அன்றைக்கே குறித்துவையுங்கள், தணிக்கைக்குப் போகும் படமென்றால் கடைசி நேரத்தில் மியூட் போட்டுக் காட்சியைக் கெடுக்க வேண்டியிருக்காது.

எல்லாம் எடுத்தாச்சு. மணிக்கணக்கா பேச்சு கிடக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன் எல்லா டேக்கையும் கேட்டு, பேசினது பேசினபடியே டைம்கோடோடு எழுதுங்கள். இழுப்பு, தயக்கம், "அது வந்து" எல்லாம் சேர்த்து. அப்புறம் அதை அச்சடித்து, வேண்டிய வரிகளை வெட்டி மேசையில் வரிசைப்படுத்துங்கள். நீங்கள் கிழித்துப் போட்ட வசனத்தை இப்போதுதான் எழுதுகிறீர்கள், அவர்கள் சொற்களை வைத்து.

காகிதத்தில் நன்றாக இருக்கும் வரி திரையில் எடுபடாமல் போவதும், காகிதத்தில் ஒன்றுமே இல்லாத "ம்ம், சரி" திரையில் காட்சியைத் தூக்கி நிறுத்துவதும் நடக்கும். அதனால் காகிதத்தில் வரிசை போட்டதும் படத்தோடு ஒரு முறை முழுதாகப் பாருங்கள். இரண்டு டேக்கின் பேச்சை ஒட்டும் இடத்தில் குரலின் உயரம் ஒத்துப்போகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒட்டவில்லை என்றால் நடுவில் நூல்கண்டு ஷாட்டைப் போட்டாலும் காது கண்டுபிடித்துவிடும். அந்த இடத்தில் வேறு டேக்கைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் வரியையே விட்டுவிடுங்கள்.